சைனும் சட்டை ஜேபியும்: பாக்தாத் வழியாக வந்த ஒரு சொல், சமர்கந்தில் தீர்ந்த ஒரு கணக்கு

சுண்ணாம்புக்கட்டி (இழையைத் தொடங்கியவர்)

பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நேற்று முக்கோணவியல் தொடங்கினேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், சைன்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டான். எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம் என்றேன். "அது கணக்கு சார், அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?" என்றான். இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன், எனக்கே தெரியவில்லை. லத்தீனில் வளைவு, மடிப்பு என்று அகராதி சொல்கிறது. முக்கோணத்தில் மடிப்பு எங்கே இருக்கிறது? ஆரியபட்டர், அரபுக்காரர்கள் என்று ஏதோ சேதி உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடகரைவேலு

ரொம்ப சுலபம் சார். ஆரியபட்டர் 'ஜ்யா' என்றார். அரபுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்த் தப்பாகப் படித்தார்கள். அந்தத் தப்பை ஐரோப்பாக்காரன் அப்படியே லத்தீனில் மொழிபெயர்த்தான். அவ்வளவுதான் கதை. நம்ம சரக்கு, நடுவில் அவர்கள் தபால்காரர்கள். தபால்காரர் முகவரியைக் கொஞ்சம் கிழித்துவிட்டார், போகட்டும்.

சும்மா_வந்தவன்

சைன் அட்டவணையை மனப்பாடம் செய்ய ஏதாவது குறுக்கு வழி இருக்கா? என் பெண்ணுக்கு அடுத்த வாரம் பரீட்சை.

பரங்கிப்பேட்டையாள்

வேலு அண்ணன் சொல்வதில் பாதி சரி. நான் மதரசாவில் அரபு படித்தவள், எழுத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அரபியில் குறில் உயிர்களை எழுதும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. ஜீம், யா, பா என்று மூன்று எழுத்து இருந்தால், படிப்பவர்தான் எந்தச் சொல் என்று முடிவு செய்ய வேண்டும். வடமொழியில் ஜ்யா என்றும் சொல்வார்கள், ஜீவா என்றும் சொல்வார்கள். இந்த ஜீவாவை அரபியில் எழுதியபோது ஜீபா ஆயிற்று. 'வ' ஒலி அரபியில் இப்படி மாறுவது உண்டு. ஆனால் ஜீபா என்ற சொல்லுக்கு அரபியில் பொருள் இல்லை. அதே எழுத்துகளை 'ஜைப்' என்று படித்தால் நல்ல அரபுச் சொல். சட்டையின் கழுத்துத் திறப்பு, மார்பு மடிப்பு என்று பொருள், பிறகு பை என்ற பொருளும் சேர்ந்தது. அந்த ஜைப்தான் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து 'ஜேபி' ஆனது. எங்கள் வாப்பா காசை இன்றும் "ஜேபியில போட்டேன்" என்றுதான் சொல்வார்.

ஆக, சுண்ணாம்புக்கட்டி சார் அந்தப் பையனிடம், "சைன் என்றால் உன் சட்டை ஜேபி" என்று தைரியமாகச் சொல்லலாம்.

கரிசல்மண்

எங்க பக்கம் ஜோப்பு. இனி சைன் 30 என்றால் அரை ஜோப்பு.

சுண்ணாம்புக்கட்டி

ஆகா. ஆனால் ஜ்யா என்றால் என்ன?

ஓலைநறுக்கு

வில்லின் நாண். நம் பாடப்புத்தகத்திலும் வட்டத்தின் இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டுக்கு நாண் என்றுதான் பெயர். பரிதியின் துண்டு வில், அதைக் கட்டியிருப்பது நாண். சரியாகச் சொன்னால் ஆரியபட்டர் எடுத்தது அர்த்தஜ்யா, அதாவது அரை நாண். அடிக்கடி சொல்ல வேண்டியிருந்ததால் 'அர்த்த' உதிர்ந்துபோய் ஜ்யா மட்டும் நின்றது.

வேலு சாருக்கு இரண்டு சேதி. ஜைப் என்று சொன்னது யாரோ ஓர் எழுத்தர் செய்த தவறு அல்ல. அரபியில் கணக்கு எழுதியவர்களிடையே அது கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீன் மொழிபெயர்ப்பாளர் 'சைனஸ்' என்று எழுதியபோது, எதிரில் இருந்த சொல்லை அவர் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தார். கிரெமோனாவின் ஜெரார்டுதான் முதலில் எழுதினார் என்று பல புத்தகங்களில் இருக்கும், அதை ஒப்பாதவர்களும் உண்டு.

தபால்காரர் என்பது இன்னும் பெரிய விஷயம். பாக்தாதின் மேசையில் ஒரு கடிதம் மட்டும் இருக்கவில்லை. கலீபா மன்சூர் காலத்தில், 770-களில், சிந்துப் பக்கமிருந்து வந்த குழுவோடு ஒரு வடமொழி வானியல் நூல் வந்து சேர்ந்தது. அதை அரபியில் ஆக்கியபோது 'சிந்துஹிந்த்' என்று பெயர் நின்றது. அந்த வகை அட்டவணை நூல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் ஜீஜ். அது பாரசீகச் சொல், தறியில் பாவு நூலைக் குறிப்பது. அட்டவணையின் கோடுகள் பாவு இழைகள்போல இருப்பதால் வந்த பெயர். இஸ்லாமுக்கு முந்தைய பாரசீகத்தை ஆண்ட சசானிய அரசர் காலத்து ஜீஜ் ஒன்றும் அவர்களிடம் இருந்தது. அடுத்து தாலமியின் வானியல் நூலான அல்மஜெஸ்ட் கிரேக்கத்திலிருந்து வந்தது. மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்ததும் ஒரு தொல்லை தெரிந்தது. தாலமி முழு நாணைக் கணக்கிட்டு வைத்திருந்தார், இந்தியர் அரை நாணை. தாலமியின் வட்டத்தின் ஆரம் 60, ஆரியபட்டரின் ஆரம் 3438. எதை வைத்துக்கொள்வது?

வடகரைவேலு

3438 ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு பாகைக்கு 60 கலை, சுற்றளவு 21600 கலை, அதை 2π-ஆல் வகுத்தால் 3438 வரும். எவ்வளவு அழகு! அதை விட்டுவிட்டு 60-ஐ எடுத்தார்களா?

ஓலைநறுக்கு

அழகுதான். கோணத்தையும் நாணையும் ஒரே அலகில் அளக்கிறார். அதனால்தான் அவர் அட்டவணையில் முதல் கோணம் 225 கலை, முதல் ஜ்யாவும் 225.

பிற்காலத்து அரபு நூல்கள் பெரும்பாலும் அரை நாணை இந்தியாவிலிருந்தும், 60 என்ற ஆரத்தைக் கிரேக்கரிடமிருந்தும் எடுத்தன. அரை நாண் செங்கோண முக்கோணத்தில் நேராக உட்காரும். முழு நாணை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் கோணத்தை இரட்டித்து, விடையைப் பாதியாக்க வேண்டும். 60 வைத்தால் பாகை, கலை, விகலைக் கணக்கோடு ஒத்துப்போகும். வேலைக்கு எது கைகொடுக்குமோ அதை எடுத்தார்கள்.

இதைவிட முக்கியமானது, தாலமி விட்டுச்சென்ற ஓர் ஓட்டை. அதை அடைக்க ஏறக்குறைய 1300 வருடம் ஆயிற்று.

சுண்ணாம்புக்கட்டி

விடாதீர்கள் ஐயா, சொல்லுங்கள்.

ஓலைநறுக்கு

ஐங்கோணத்திலிருந்து ஒரு நாண் கிடைக்கும், அறுகோணத்திலிருந்து ஒன்று கிடைக்கும். கழித்தால் 12 பாகைக்கு வரும். பாதியாக்கிக்கொண்டே போனால் 6, 3, ஒன்றரை, முக்கால் என்று இறங்கலாம். எல்லாம் வர்க்கமூலத்தோடு முடிந்துவிடும். ஆனால் 1 பாகை மட்டும் இந்தப் படிகளில் எங்கும் வராது. 3-ஐ மூன்றாகப் பிரித்தால்தான் 1. கோணத்தை மூன்றாகப் பிரிக்க வர்க்கமூலம் போதாது.

தாலமி என்ன செய்தார் என்றால், ஒன்றரைப் பாகை நாணில் மூன்றில் இரண்டு பங்கு, முக்கால் பாகை நாணில் மூன்றில் நான்கு பங்கு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் 1 பாகை நாண் இருக்கும் என்று நிறுவினார். இரண்டும் அவர் எடுத்த இலக்கங்களுக்குள் 1. 2, 50 என்றே வந்தன. அறுபதின்படி எண்ணும்போது 1, அதோடு அறுபதில் 2, அதிலும் அறுபதில் 50. அதையே எழுதிக்கொண்டார். கெட்டிக்காரத்தனம், ஆனால் அங்கேயே முட்டிக்கொள்ளும் வழி. இன்னும் ஓர் இலக்கம் வேண்டும் என்றால் இரு கரைகளும் விலகிவிடும், நடுவில் எங்கே என்று அது சொல்லாது. அட்டவணையில் மற்ற வரிகள் பல இந்த ஒன்றின் மேல் நிற்பதால், இதில் உள்ள பிசகு எல்லாவற்றிலும் ஏறும்.

10-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அபுல்வஃபா இந்தக் கரைகளை இன்னும் நெருக்கினார். ஓட்டையை அடைத்தவர் ஜம்ஷீத் அல்காஷி. காஷான் ஊர்க்காரர், பாரசீகர், சமர்கந்தை ஆண்ட உலுக் பேக்கின் வானாய்வகத்தில் வேலை பார்த்து 1429-இல் இறந்தவர். சமர்கந்திலிருந்து அப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. சக அறிஞர்களில் பலருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று வாரியிருப்பார். நமக்கும் இப்படிப்பட்ட சக ஊழியர் ஒருவர் உண்டு, இல்லையா?

அவருக்குக் கிடைத்த பிடி, நம் பாடப்புத்தகத்தில் இருக்கும் சூத்திரம்தான்:

sin 3θ = 3 sin θ − 4 sin³ θ

sin 3° தெரியும். sin 1°-ஐ x என்று வைத்து இப்படித் திருப்புங்கள்:

x = (sin 3° + 4x³) / 3

வலப்பக்கத்திலும் x இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும். x மிகச் சிறியது, அதன் கனம் அதைவிட மிகமிகச் சிறியது. அதனால் முதலில் கனத்தை விட்டுவிட்டு x-ஐ எடுங்கள். கிடைத்ததை வலப்பக்கத்தில் போட்டு மறுபடி x எடுங்கள். இப்படியே சுற்றுங்கள்.

sin 3° = 0.0523359562
தொடக்கம்: 0.0174453187
முதல் சுற்று: 0.0174523978
இரண்டாம் சுற்று: 0.0174524064

இரண்டே சுற்றில் பத்து தசம இடமும் சரி. ஒவ்வொரு சுற்றிலும் பிழை ஏறக்குறைய எண்ணூறில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. காஷி இதைத் தசமத்தில் செய்யவில்லை, அறுபதின்படி செய்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அறுபதாம் இலக்கத்தை உறுதி செய்துகொண்டு அடுத்ததற்குப் போனார். ஆரம் 60 என்றால் அவருக்கு வந்தது 1. 2, 49, 43, 11 என்று தொடங்கி இன்னும் நீளும். நம் கணக்கில் சுமார் 16 தசம இடம். இதை அவர் எழுதிய புத்தகம் அப்படியே கிடைக்கவில்லை, பின்வந்தவர்கள் எழுதிய உரைகள் வழியாகத்தான் முறை தெரிகிறது. உலுக் பேக்கின் ஜீஜில் ஒவ்வொரு கலைக்கும் சைன் கொடுத்திருப்பதற்கு அடித்தளம் இந்த ஒரு எண்.

கணினிக்குடில்

ராத்திரி தூக்கம் வராமல் இதை ஓட்டிப் பார்த்தேன். sin 3°-ஐக் கணினியிடம் கேட்பது கள்ளாட்டம் என்பதால் ஐங்கோணம், அறுகோணம் வழியாகவே எடுத்தேன்.

```python
from math import sqrt
s18 = (sqrt(5) - 1) / 4
c18 = sqrt(1 - s18**2)
s15 = (sqrt(6) - sqrt(2)) / 4
c15 = sqrt(1 - s15**2)
s3 = s18*c15 - c18*s15
x = s3 / 3
for i in range(5):
    print(i, x)
    x = (s3 + 4*x**3) / 3
```

அருமையாக வந்தது. ஆசை விடவில்லை. sin 120°-லிருந்து sin 40° எடுக்கலாம் என்று `s3` இருந்த இடத்தில் 0.8660254 போட்டேன். 0.643 வர வேண்டும். மெதுவாக ஏறி 0.342-இல் நின்றுவிட்டது. எத்தனை சுற்று விட்டாலும் அதே எண்தான். காஷி முறை பொய்யா, என் நிரல் பொய்யா?

ஓலைநறுக்கு

இரண்டும் இல்லை. 0.342 எந்தக் கோணத்தின் சைன் என்று பாருங்கள். sin 20°. sin 120°-உம் sin 60°-உம் ஒரே எண், ஆகவே உங்கள் சமன்பாட்டுக்கு sin 20°, sin 40° இரண்டுமே விடை, எதிர்க்குறியோடு மூன்றாவது ஒன்றும் உண்டு. இந்தச் சுற்றல் அவற்றில் ஒன்றைத்தான் பிடிக்கும்.

காரணம் இதுதான். சுற்றுக்குச் சுற்று பிழை ஏறக்குறைய 4x² மடங்காகிறது. x = sin 1° என்றால் அது 0.0012, பாய்ந்து சுருங்கும். sin 20° என்றால் 0.47, பாதிப் பாதியாகத்தான் குறையும். நீங்கள் பார்த்த மெத்தனம் அதுதான். sin 40° என்றால் 1.65, ஒன்றுக்கு மேல். விடைக்குப் பக்கத்தில் போய் நின்றாலும் தள்ளிவிடும். எல்லை x = அரை, அதாவது 30 பாகை. அடையாளம் காண சுலப வழி, அடுத்தடுத்த இரண்டு வித்தியாசங்களை வகுத்துப் பாருங்கள். ஈவு சிறிதாக இருந்தால் நம்பலாம், ஒன்றை நெருங்கினால் சந்தேகப்படுங்கள். காஷிக்கு வேண்டியது 1 பாகை என்பதால் இந்தக் குழி அவர் பாதையில் இல்லை.

வடகரைவேலு

சுற்றிச் சுற்றிக் கணக்கு போடுவது நம்ம ஜோதிட நூல்களிலேயே இருக்கிறதே. கேரளத்து மாதவர் அதே காலம், சைனுக்குத் தொடரே கொடுத்தார். காஷி அங்கிருந்து எடுத்திருக்கலாம் இல்லையா?

ஓலைநறுக்கு

முதல் பாதி சரி. வடமொழி வானியலில் 'அசக்ருத்' என்று பெயர், திரும்பத் திரும்பச் செய்வது. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் ஹபஷ் என்பவர் அதே மாதிரி ஒரு சுற்றலைப் பயன்படுத்தியிருக்கிறார். அது இந்திய வழி வந்தது என்று பலர் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் கேரளத்திலிருந்து சமர்கந்துக்கு என்று காட்ட ஓர் ஓலைகூட இல்லை. முறையும் வேறு. மாதவர் எந்தக் கோணத்துக்கும் பொருந்தும் தொடரைக் கொடுத்தார், காஷி ஒரே ஒரு கனச் சமன்பாட்டைப் பிழிந்தார்.

வடகரைவேலு

ஓலை இல்லை என்பதால் நடக்கவில்லை என்றாகிவிடுமா? நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் தபால்காரர் என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மருந்துப்பெட்டி

நான் யூனானி படித்தவன். கணக்கு எனக்கு எட்டாது, ஆனால் தாலமியின் ஓட்டை என்றதும் எங்கள் பக்கத்து ஓட்டை ஒன்று ஞாபகம் வந்தது. இது நிஜமாகவே ஓட்டை. இதயத்தில் ரத்தம் எப்படிப் போகிறது என்று கண்டுபிடித்தவர் இப்னு சீனா, ஆங்கிலேய மருத்துவர் ஹார்விக்கு 600 வருடம் முன்பே. இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரங்கிப்பேட்டையாள்

டாக்டர், அது இப்னு சீனா இல்லை. அவருடைய மருத்துவ நூலான அல்கானூனுக்கு உரை எழுதிய இப்னு நஃபீஸ்.

மருந்துப்பெட்டி

சரிதான், பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

கிரேக்க கேலன் சொன்னது இது. இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு, நடுச்சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக ரத்தம் கசிகிறது. ஏன் அப்படிச் சொன்னார் என்றால், இடது பக்கமும் ரத்தம் இருக்கிறது, அது எப்படியோ அங்கே வந்தாக வேண்டும். ஆயிரம் வருடம் எல்லோரும் அப்படியே படித்தார்கள், இப்னு சீனா உட்பட.

இப்னு நஃபீஸ் டமாஸ்கஸ் பக்கம் பிறந்து கெய்ரோவில் மருத்துவம் பார்த்தவர், 1288-இல் காலமானார். உரையில் வெட்டொன்று துண்டு இரண்டாக எழுதுகிறார். அந்தச் சுவர் தடிப்பானது, அதில் கேலன் சொல்வதுபோல் கண்ணுக்குத் தெரியாத துளையும் இல்லை, வேறு சிலர் நினைத்ததுபோல் தெரிகிற துளையும் இல்லை. ஆகவே வலது அறை ரத்தம் நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, நுரையீரல் நாளம் வழியாக இடது அறைக்கு வந்தாக வேண்டும்.

கணினிக்குடில்

அறுத்துப் பார்த்தாரா?

மருந்துப்பெட்டி

சமயச் சட்டமும் இரக்கமும் தடுத்ததால் அறுவையைத் தவிர்த்ததாக அவரே எழுதுகிறார். அதை அப்படியே நம்பலாமா என்பதில் ஆளுக்கொரு கருத்து. சுவர் தடிப்பு என்பதை ஆட்டு இதயத்தில்கூடப் பார்த்துவிடலாம், கறிக்கடைக்காரருக்கும் தெரியும். முதல் வருடத்தில் எங்களுக்குக் கொடுத்த இதயத்தில் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தபோது, இதில் எப்படித் துளை என்று நம்பினார்கள் என்று எனக்கே தோன்றியது. ஆனால் 'தெரியாத துளை' என்று சொல்லிவிட்டால் கண்ணால் பார்த்து மறுக்க முடியாது பாருங்கள். அவர் மறுத்தது சதையின் அமைப்பை வைத்து.

ஹார்வி 1628-இல் காட்டியது உடம்பு முழுக்கச் சுற்றும் ரத்த ஓட்டம். இப்னு நஃபீஸ் சொன்னது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையே உள்ள வழி மட்டும். நான் முதலில் எழுதியது அந்த வகையிலும் தப்பு.

சுண்ணாம்புக்கட்டி

இது ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்ததா?

மருந்துப்பெட்டி

அங்கேதான் சண்டை. ஸ்பானியர் செர்வேட்டஸ் 1553-இல் ஏறக்குறைய இதையே எழுதுகிறார், இத்தாலியர் கொலம்போ 1559-இல். டமாஸ்கஸில் பல வருடம் இருந்த வெனிசுக்காரர் அல்பாகோ என்பவர் இப்னு நஃபீஸின் சில பகுதிகளை லத்தீனில் ஆக்கினார், அது 1547-இல் வெனிசில் அச்சாயிற்று. தேதிகள் ஆசை காட்டுகின்றன. ஆனால் அச்சான பகுதியில் இந்த நுரையீரல் வழி தெளிவாக இல்லை என்பவர்களும் உண்டு. அரபு உரையின் இந்த இடம் நவீன காலத்தில் மறுபடி கவனத்துக்கு வந்ததே 1924-இல். எகிப்திய மருத்துவர் தத்தாவி, பெர்லினில் இருந்த கையெழுத்துப் பிரதியைப் படித்துச் சொன்னார்.

வடகரைவேலு

மருத்துவத்தில் நம்ம சுஸ்ருதர் எல்லாம் போகவில்லையா?

பரங்கிப்பேட்டையாள்

போனார். பாக்தாதில் பர்மக்கிகள் என்ற மந்திரிக் குடும்பம், பல்க் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் சொல்லி மங்கா என்ற இந்திய மருத்துவர் சுஸ்ருதரை விளக்க, ஆஸ்பத்திரிக் கைநூலாக ஆக்கினார்கள். சரகர் முதலில் பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து அரபிக்கு வந்தார். 10-ஆம் நூற்றாண்டின் நூற்பட்டியலான இப்னு நதீமின் ஃபிஹ்ரிஸ்தில் இதெல்லாம் இருக்கிறது. ஆனால் பிற்காலத்தில் மேல்கை கேலனுக்குத்தான். ஜ்யா வென்ற மாதிரி சுஸ்ருதர் வெல்லவில்லை. ஏன் என்று ஓலைநறுக்கு ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஓலைநறுக்கு

எனக்கும் முழுசாகப் பிடிபடவில்லை. ஒரு காரணம், கேலன் ஒரு மலை. பாக்தாதின் மொழிபெயர்ப்பாளர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் தான் பார்த்த கேலன் நூல்களைப் பட்டியல் போட்டபோது நூற்றுக்கு மேல் வந்தது. பல பிரதிகளை ஒப்பிட்டுச் சரிபார்த்துத்தான் மொழிபெயர்ப்பார், இளவயதில் செய்ததைப் பின்னால் நல்ல பிரதி கிடைத்ததும் திருத்துவார். அந்த அளவுக்கு உழைத்த ஒரு கூட்டம் வடமொழிப் பக்கம் உருவாகவில்லை. இது மட்டுமே காரணமா என்று கேட்டால், இல்லை என்றுதான் தோன்றுகிறது.

சும்மா_வந்தவன்

என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்மண்

தம்பி, 0, 1, 2, 3, 4 எழுதி, ஒவ்வொன்றுக்கும் வர்க்கமூலம் எடுத்து இரண்டால் வகுக்கச் சொல்லுங்க. 0, 30, 45, 60, 90 பாகைக்கு சைன் வந்துடும்.

சுண்ணாம்புக்கட்டி

இன்று வகுப்பில் செய்து பார்த்தோம். ஜேபி என்றதும் அந்தப் பையன் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான், வகுப்பே சிரித்தது. பிறகு காஷி. sin 3° வேண்டாம், பிள்ளைகளுக்குத் தெரிந்த sin 30° = 0.5-லிருந்து sin 10° எடுக்கலாம் என்று விட்டேன். 0.5-ஐ மூன்றால் வகுத்து 0.16667-இல் தொடங்கினோம். அடுத்து 0.17284, 0.17355, 0.17364, 0.17365. நாலாவது சுற்றில் அட்டவணையோடு ஐந்து இடமும் ஒத்தது. பெஞ்சுக்கு ஒருவர் கனம் கணக்கிட, ஒருவர் கூட்ட, வரிசையாகச் செய்தார்கள். மூன்றாவது பெஞ்சு கனத்தில் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டது, எண் எகிறியது. அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். வேண்டாம், அந்தத் தப்பான எண்ணையே போட்டுச் சுற்றுங்கள் என்றேன். கூடுதலாகக் கொஞ்சம் சுற்ற வேண்டியிருந்தது, ஆனால் அதே இடத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. மணி அடித்தும் கடைசி பெஞ்சு எழுந்திருக்கவில்லை.